பாடம் 14: வானத்தில் ஒரு குச்சி மனிதன்

படிக்கும் முன் யோசியுங்கள்: இரவு வானத்தில் விண்மீன்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கின்றனவா? சில இடங்களில் கூட்டமாகவும் சில இடங்களில் காலியாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?

1. புள்ளிக் கோலமா, பேரண்டமா?

கயல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் வசிக்கிறாள். அடுத்த வாரம் அவளுடைய தமிழ்ப் பள்ளியில் கண்காட்சி. அதற்காக அவள் ஒரு பெரிய கறுப்பு அட்டையில் வெள்ளைப் புள்ளிகள் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி நிலவன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான்.

அத்தை சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். அவர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்.

"என்ன கயல், புள்ளிக் கோலமா போடற?"

"கோலம் இல்ல அத்தை. இது பேரண்டம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன் திரள். நம்ம பால்வீதி மாதிரி."

"எல்லாப் புள்ளியும் ஒரே இடைவெளியில இருக்கே?"

"பேரண்டம் ரொம்பப் பெருசு. அதனால எல்லா இடத்துலயும் சமமா இருக்கும்னு நெனச்சேன். தப்பா?"

அத்தை தரையில் உட்கார்ந்தார். "நீ மட்டும் இல்லம்மா. சுமார் 40 வருஷத்துக்கு முன்னாடி நெறைய வானியலாளர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் நெனச்சாங்க. அங்கங்க சில கொத்துகள் இருக்கும், மத்தபடி திரள்கள் பரவலா சிதறிக் கெடக்கும்னு நெனச்சாங்க. அது தப்புன்னு காட்டின தொலைநோக்கி எங்க இருக்கு தெரியுமா? நம்ம ஊருக்குத் தெற்கால தெரியுதே, அந்த மலைத்தொடர்ல!"

நிலவன் சன்னலுக்கு ஓடினான். தூரத்தில் சாண்டா ரீட்டா மலைகள் நீல நிறத்தில் தெரிந்தன.

2. வானத்திலிருந்து ஒரு துண்டு

அந்த மலைத்தொடரில் ஹாப்கின்ஸ் மலை இருக்கிறது. அங்கே உள்ள ஒரு தொலைநோக்கியின் கண்ணாடி 1.5 மீட்டர் அகலம் கொண்டது. வானியலில் இது சின்னத் தொலைநோக்கிதான். 1985-இல் மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா, வலெரி த லப்பரான் ஆகிய மூவரும் இதன் உதவியோடு ஒரு வரைபடம் செய்யத் தொடங்கினார்கள். வலெரி அப்போது பிரான்சிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவி.

"வானம் முழுக்க அளந்தாங்களா அத்தை?" என்று கேட்டான் நிலவன்.

"அது முடியாதுடா. ஒவ்வொரு திரளையும் தனித்தனியா அளக்கணும். அதனால ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கிட்டாங்க. தர்பூசணியில ஒரு மெல்லிய கீத்து வெட்டற மாதிரி. முழுப் பழத்தையும் வெட்டாமலே உள்ள விதை எப்படி இருக்குன்னு அந்தக் கீத்து காட்டிடும் இல்ல?"

அந்தத் துண்டு வானத்தில் 117 பாகை நீளமும் 6 பாகை அகலமும் கொண்டது. அதில் சுமார் 1,100 விண்மீன் திரள்கள் இருந்தன.

ஒரு திரள் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை ஒரு புகைப்படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் புகைப்படம் சொல்லாது. தூரம் தெரியாவிட்டால் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது.

3. தூரத்தை எப்படி அளந்தார்கள்?

பேரண்டம் விரிந்துகொண்டே இருக்கிறது. அதனால் மற்ற விண்மீன் திரள்கள் நம்மை விட்டு விலகிப் போகின்றன. பக்கத்தில் இருப்பவை மெதுவாக விலகுகின்றன. தூரத்தில் இருப்பவை வேகமாக விலகுகின்றன.

விலகிப் போகும் திரளின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால், அதில் உள்ள கோடுகள் சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளிப்போய் இருக்கும். இதற்குப் பெயர் செம்பெயர்ச்சி. கோடுகள் எவ்வளவு தள்ளிப்போயிருக்கின்றன என்று அளந்தால் வேகம் தெரியும். வேகம் தெரிந்தால் தூரம் தெரியும்.

"கணக்கு ரொம்பச் சுலபம்," என்றார் அத்தை. "ஒவ்வொரு 10 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் நொடிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகம் கூடும். அப்போ நொடிக்கு 7,000 கிலோமீட்டர் வேகத்துல ஒரு திரள் விலகுதுன்னா?"

கயல் அட்டையின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள்.

7,000 ÷ 22 = 318
318 × 10 லட்சம் = 31 கோடியே 80 லட்சம்

"சுமார் 32 கோடி ஒளியாண்டு!"

"சரியா சொன்ன. அதாவது அந்த ஒளி அங்கேயிருந்து கிளம்பி நம்மகிட்ட வந்து சேர சுமார் 32 கோடி வருஷம் ஆச்சு. இப்படித்தான் 1,100 திரளுக்கும் தூரம் கண்டுபிடிச்சாங்க."

4. குச்சி மனிதன்

வலெரி அந்த அளவுகளை எல்லாம் சேர்த்து ஒரு படம் வரைந்தார். படம் ஒரு விசிறி போல இருந்தது. விசிறியின் கூரான முனையில் நாம் இருக்கிறோம். முனையிலிருந்து தள்ளிப் போகப் போகத் தூரம் அதிகம். விசிறியின் விளிம்பு சுமார் 70 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒவ்வொரு திரளும் ஒரு புள்ளி.

அத்தை தன் கணினியில் அந்தப் படத்தைக் காட்டினார்.

"அய்யோ, ஒரு ஆள் நிக்கற மாதிரி இருக்கே!" என்று கத்தினான் நிலவன். "இதோ உடம்பு! ரெண்டு பக்கமும் கை நீட்டியிருக்கான். கீழ காலு!"

"எல்லாரும் இதைக் குச்சி மனிதன்னுதான் சொல்வாங்க. இப்போ புள்ளி இல்லாத இடத்தைப் பாருங்க."

கயல் உற்றுப் பார்த்தாள். புள்ளிகள் மெல்லிய கோடுகளில் வரிசையாக இருந்தன. அந்தக் கோடுகளுக்கு நடுவே பெரிய பெரிய காலி இடங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரியது 20 கோடி ஒளியாண்டுக்கும் மேல் அகலமானது. இப்படிப்பட்ட இடங்களை வெற்றிடங்கள் என்கிறோம். அவை முழுக்கக் காலி இல்லை. ஆனால் அங்கே திரள்கள் மிகவும் குறைவு.

"பாத்திரம் கழுவும்போது வர்ற சோப்பு நுரை மாதிரி இருக்கு," என்றாள் கயல். "நுரையில நடுவுல காத்து. சுத்தி மெல்லிசா சோப்புத் தண்ணி."

"ஆமா, தோற்றம் அப்படித்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. நுரையில காத்து உள்ளேயிருந்து தள்ளுது. இங்க அப்படி எதுவும் தள்ளல. காலி இடம் எப்படி வந்துச்சுன்னு அப்புறம் சொல்றேன்."

1986-இல் இந்தப் படம் வெளிவந்தது. ஒரே ஒரு துண்டில் தெரிவது தற்செயலாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் கெல்லரும் ஹுக்ராவும் பக்கத்துத் துண்டுகளையும் அளந்தார்கள். குச்சி மனிதனின் கைகள் அடுத்த துண்டிலும் தொடர்ந்தன! அதாவது அவை வெறும் கோடுகள் இல்லை. ஒரு பெரிய சுவரின் வெட்டுத் தோற்றம்தான் அது. 1989-இல் அவர்கள் அந்தச் சுவரைப் பற்றி எழுதினார்கள். அதன் நீளம் சுமார் 50 கோடி ஒளியாண்டு. அகலம் சுமார் 20 கோடி ஒளியாண்டு. ஆனால் தடிமன் சுமார் 1.5 கோடி ஒளியாண்டுதான். அதற்கு பெருஞ்சுவர் என்று பெயர் வந்தது.

5. படம் பொய் சொல்லுமா?

கயல் புதிய அட்டை ஒன்றை எடுத்தாள். குச்சி மனிதனை அப்படியே வரையத் தொடங்கினாள்.

"கொஞ்சம் இரு," என்றார் அத்தை. "படத்துல தெரியறது எல்லாம் அப்படியே உண்மை இல்ல. ரெண்டு இடத்துல ஏமாந்துடுவோம். விசிறியோட விளிம்புல பாரு. புள்ளி ரொம்பக் கம்மி. ஏன்?"

"அங்கயும் வெற்றிடமா?"

"இல்ல. அவ்வளவு தூரத்துல மங்கலான திரள்கள் நம்ம கண்ணுக்குத் தப்பிடும். ரொம்பப் பிரகாசமானது மட்டும்தான் தெரியும். ராத்திரியில தூரத்து ஊரைப் பாக்கும்போது பெரிய விளக்கு மட்டும் தெரியற மாதிரி. அதனால விளிம்புல புள்ளி கொறையறதை வெற்றிடம்னு சொல்லக்கூடாது."

"ரெண்டாவது?"

"குச்சி மனிதனோட உடம்பு. அது கோமா கொத்து. ஆயிரத்துக்கும் மேல திரள்கள் அங்க ஒண்ணா கூடியிருக்கு. உண்மையில அது உருண்டையா இருக்கு, சுமார் 2 கோடி ஒளியாண்டு அகலம். ஆனா படத்துல எப்படி இருக்கு?"

"நீளமா இருக்கு. நேரா நம்மளைப் பாத்து நிக்கற மாதிரி."

"ஏன் அப்படின்னு கணக்குப் போட்டுப் பாக்கலாம். கொத்துக்குள்ள திரள்கள் சும்மா நிக்கல. தேனீக் கூட்டம் மாதிரி அங்கயும் இங்கயும் பறந்துக்கிட்டே இருக்கு. பேரண்டம் விரியறதால கொத்து மொத்தமா நொடிக்கு 7,000 கிலோமீட்டர் விலகுது. அதுக்குள்ள ஒரு திரள் நம்ம பக்கமா 1,000 கிலோமீட்டர் வேகத்துல வந்தா, நாம அளக்கற வேகம் எவ்வளவு?"

"6,000."

"இன்னொண்ணு எதிர்ப்பக்கம் போனா?"

"8,000!" என்றான் நிலவன்.

கயல் இரண்டையும் 22-ஆல் வகுத்தாள். முதல் திரள் சுமார் 27 கோடி ஒளியாண்டில் இருப்பதுபோல் வந்தது. இரண்டாவது திரள் சுமார் 36 கோடி ஒளியாண்டில் இருப்பதுபோல் வந்தது. இரண்டுக்கும் நடுவே 9 கோடி ஒளியாண்டு!

"ஆனா ரெண்டும் ஒரே கொத்துல, பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு!"

"அதேதான். வேகத்தை வெச்சுத் தூரம் சொல்றோம். திரளோட சொந்த ஓட்டமும் அந்த வேகத்துல கலந்துடுது. அதனால உருண்டையா இருக்கற கொத்து, வரைபடத்துல நீண்ட குச்சியா மாறிடுது. இதை எப்படிக் கண்டுபிடிக்கறது? குச்சி எப்பவும் நம்மளை நோக்கியே நீட்டிக்கிட்டு இருக்கும். வானத்துல எந்தப் பக்கம் பாத்தாலும் பெரிய கொத்துகள் எல்லாம் பூமியைச் சுட்டிக்காட்டற மாதிரி தெரியும். பூமியில அப்படி என்ன விசேஷம்? ஒண்ணும் இல்ல. அப்போ கோளாறு வானத்துல இல்ல, நாம அளக்கற முறையிலதான்."

கயல் பென்சிலைக் கீழே வைத்தாள். "கைகள் உண்மை, உடம்பு பொய். அப்போ உடம்பை வரையறதா வேண்டாமா?"

"அதை நீயே முடிவு பண்ணு. மொதல்ல இந்த வலை எப்படி வந்துச்சுன்னு கேளு."

6. சின்ன வித்தியாசம் பெரிதானது

பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு. அது பிறந்து சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது வெளிவந்த ஒளி இன்றும் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஒளி, பேரண்டத்தின் குழந்தைப் பருவப் புகைப்படம் போன்றது.

அந்தப் புகைப்படத்தில் எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. ஏறக்குறைய மட்டும்தான்! மிக மிகச் சிறிய வித்தியாசங்கள் அதில் உண்டு. 1992-இல் கோபே என்ற செயற்கைக்கோள் அவற்றைக் கண்டுபிடித்தது. வித்தியாசம் சுமார் 1 லட்சத்தில் 1 பங்கு.

"ஒரு பானையில 1,00,000 அரிசி இருக்குன்னு வெச்சுக்கோ," என்றார் அத்தை. "பக்கத்துப் பானையில 1,00,001 அரிசி. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஒரே ஒரு அரிசியால என்ன ஆயிடப் போகுது?" என்று சிரித்தான் நிலவன்.

"ஈர்ப்பு விசைக்கு அது போதும்டா. கொஞ்சம் அதிகமா பொருள் இருக்கற இடம், கொஞ்சம் அதிகமா இழுக்கும். இழுத்தா இன்னும் பொருள் சேரும். சேந்தா இன்னும் பலமா இழுக்கும். பணம் பணத்தோட சேரும்னு பாட்டி சொல்வாங்களே, அந்த மாதிரிதான்."

"அப்போ கம்மியா இருந்த இடம்?"

"அங்க இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போயிடும். சுத்தி இருக்கற கனமான இடங்கள் நாலா பக்கமும் இழுக்கும். உள்ள பிடிச்சு வெக்கப் பொருள் இல்ல. அதனால அந்த இடம் மத்த இடத்தைவிட வேகமா விரிஞ்சு, இன்னும் காலியாகும். வெற்றிடம் வந்த கதை இதுதான். யாரும் உள்ளேயிருந்து ஊதல. வெளியேயிருந்து இழுத்தாங்க."

7. ஏன் உருண்டை இல்லை, ஏன் இழை?

கயலுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஈர்ப்பு விசை எல்லாப் பக்கமும் இழுத்தா, எல்லாம் உருண்டை உருண்டையாத்தானே ஆகணும்? சுவரும் கோடும் எப்படி வந்துச்சு?"

அத்தை சமையலறைக்குப் போய்ப் பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஒரு கட்டியைக் கொண்டுவந்தார். அது உருண்டையாக இல்லை. ஒரு பக்கம் நீளமாகவும், ஒரு பக்கம் குட்டையாகவும், கோணல்மாணலாக இருந்தது.

"நல்ல கேள்வி! சோவியத் நாட்டு விஞ்ஞானி யாக்கோவ் செல்தோவிச் 1970-லயே இதுக்குப் பதில் சொன்னார். இயற்கையில எந்தப் பொருள் கட்டியும் சரியான உருண்டையா தொடங்கறதில்ல. இந்த மாவு மாதிரி, ஒரு பக்கம் எப்பவும் குறுகலா இருக்கும். தன் ஈர்ப்பாலயே அது சுருங்கும்போது எந்தப் பக்கம் மொதல்ல ஒண்ணு சேரும்?"

"குறுகலான பக்கம். போக வேண்டிய தூரம் கம்மி."

"சபாஷ்!" அத்தை மாவை அந்தப் பக்கமாக அழுத்தினார். மாவு தட்டையாகிச் சப்பாத்தி போல ஆனது. "முதல் படி: தகடு. பெருஞ்சுவர் இந்த வகை."

பிறகு அதைப் பாய் போலச் சுருட்டினார். "அடுத்ததா, ரெண்டாவது குறுகலான பக்கம் சுருங்கும். இரண்டாம் படி: இழை."

கடைசியில் சுருளின் இரண்டு முனைகளையும் பிடித்து நடுவில் ஒன்றாக அமுக்கினார். "மூணாவது பக்கமும் சுருங்கினா, மூன்றாம் படி: முடிச்சு. கோமா கொத்து இந்த மாதிரி ஒரு முடிச்சு. இழைகள் வழியா இன்னும் பொருள் முடிச்சுக்குள்ள வந்து சேந்துக்கிட்டே இருக்கு, ஆத்துத் தண்ணி ஏரிக்கு வர்ற மாதிரி."

"அப்போ வெற்றிடம், தகடு, இழை, முடிச்சு, எல்லாம் ஒரே கதையோட வேற வேற படிகள்!" என்றாள் கயல்.

"ஆமா. இங்க மாவை என் கை அமுக்குது. அங்க வெளியே எந்தக் கையும் இல்ல. பொருள் தன்னைத்தானே இழுத்துக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்."

8. கணக்கு உதைக்கிறது!

நிலவன் மாவைப் பிய்த்து விளையாடத் தொடங்கினான். கயல் மட்டும் இன்னும் அந்த அரிசிக் கணக்கை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, 1 லட்சத்துல 1 ரொம்பச் சின்ன வித்தியாசம். இவ்வளவு பெரிய வலையா வளர அதுக்கு நேரம் பத்துமா?"

அத்தை முகம் மலர்ந்தது. "இதே கேள்வியைத்தான் விஞ்ஞானிகளும் கேட்டாங்க. அந்த ஒளி கிளம்பினதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் பேரண்டம் சுமார் 1,100 மடங்கு விரிஞ்சிருக்கு. விரியற பேரண்டத்துல பொருள் சேர்றது கஷ்டம். ஒரு பக்கம் ஈர்ப்பு கூட்டுது, இன்னொரு பக்கம் விரிவு பிரிக்குது. அதனால வித்தியாசமும் சுமார் 1,000 மடங்குதான் வளர முடியும். கணக்குப் போடு."

1 லட்சத்தில் 1 × 1,000 = 100-இல் 1

"இன்னிக்கு ஒரு பானையில 100 அரிசி, இன்னொண்ணுல 101!" என்றாள் கயல். "இதுல சுவரும் வராது, கொத்தும் வராது. திரளே வராது!"

"ஆமா, கணக்கு உதைக்குது. அப்போ ஏதோ ஒண்ணை நாம கணக்குல சேக்கல. அது என்ன தெரியுமா? கரும்பொருள்."

கரும்பொருள் ஒளி வீசாது. ஒளியை மறைக்கவும் மறைக்காது. ஆனால் ஈர்ப்பு விசையால் இழுக்கும். பேரண்டத்தில் சாதாரணப் பொருளைப்போல அது சுமார் 5 மடங்கு இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் பேரண்டம் மிகவும் சூடாக இருந்தது. சாதாரணப் பொருள் ஒன்றுசேரப் பார்த்தால், அங்கிருந்த ஒளி அதைத் தள்ளிவிட்டது. ஒளியால் கரும்பொருளைத் தள்ள முடியாது. அதனால் கரும்பொருள் முன்னாலேயே ஒன்றுசேரத் தொடங்கிவிட்டது. பிறகு ஒளி பிரிந்து போனதும், சாதாரணப் பொருள் கரும்பொருள் தோண்டி வைத்திருந்த பள்ளங்களில் போய் விழுந்தது. அந்தப் பள்ளங்களில்தான் விண்மீன் திரள்கள் பிறந்தன.

விஞ்ஞானிகள் இதைக் கணினியில் செய்து பார்த்தார்கள். குழந்தைப் பருவப் புகைப்படத்தில் உள்ள அதே சின்ன வித்தியாசங்களோடு தொடங்கி, கரும்பொருளையும் சேர்த்து, ஈர்ப்பு விசையை ஓடவிட்டார்கள். இழைகளும் முடிச்சுகளும் வெற்றிடங்களும் தாமாகவே வந்தன. அவை தொலைநோக்கியில் அளந்த வரைபடங்களைப் போலவே இருந்தன.

"கரும்பொருளைக் கண்ணால பாக்கவே முடியாதுன்னா, அது இருக்குன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டான் நிலவன்.

"கோமா கொத்தையே கேளு! திரள்கள் அங்க தேனீ மாதிரி வேகமா ஓடுதுன்னு சொன்னேன் இல்ல? 1933-ல ஃபிரிட்ஸ் சுவிக்கி என்ற வானியலாளர் அந்த வேகத்தைக் கவனிச்சார். கண்ணுக்குத் தெரியற பொருளோட ஈர்ப்பு மட்டும் இருந்தா, அவ்வளவு வேகமா ஓடற திரள்கள் எப்பவோ சிதறிப் போயிருக்கணும். சிதறல. அப்போ கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்கணும்னு சொன்னார்."

கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அத்தை! குச்சி மனிதனோட பொய் உடம்பு வந்ததே அந்த வேகத்தாலதானே? அதே வேகம்தான் கரும்பொருள் இருக்குன்னும் காட்டுது!"

அத்தை தலையசைத்தார்.

9. கயலின் புதிய படம்

அன்று இரவு கயல் இரண்டு படங்கள் வரைந்தாள்.

முதல் படத்தில் குச்சி மனிதன் அப்படியே இருந்தான். அதன் கீழே, "நாம் அளந்தபோது தெரிந்தது" என்று எழுதினாள். இரண்டாவது படத்தில் கைகள் அப்படியே இருந்தன. ஆனால் உடம்பு இருந்த இடத்தில் ஒரு சின்ன, அடர்த்தியான உருண்டை இருந்தது. அதன் கீழே, "உண்மையில் இருப்பது" என்று எழுதினாள். இரண்டுக்கும் நடுவே 6,000, 7,000, 8,000 என்ற மூன்று எண்களையும் எழுதி வைத்தாள்.

"என் பழைய அட்டையைத் தூக்கிப் போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் அத்தை. "அது முழுத் தப்பும் இல்ல. நூறு கோடி ஒளியாண்டுக்கும் மேல இருக்கற பெரிய பெரிய துண்டுகளா எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா, எல்லாத் துண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வலை தெரியாது. மேடையில விரிச்ச ஜமுக்காளத்தைக் கடைசி வரிசையிலேருந்து பாத்தா நூல் தெரியுமா? கிட்டப் போனாத்தான் தெரியும்."

நிலவன் பழைய அட்டையை எடுத்தான். அதன் மேலே பெரிய எழுத்தில் எழுதினான்: "ரொம்ப ரொம்பத் தூரத்திலிருந்து பார்த்தால்."

சொற்பொருள்

பேரண்டம் – எல்லா விண்மீன்களும் எல்லாத் திரள்களும் அடங்கிய பெருவெளி
விண்மீன் திரள் – கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டம்
ஒளியாண்டு – ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தூரம்
செம்பெயர்ச்சி – விலகிப் போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வது
வெற்றிடம் – திரள்கள் மிகக் குறைவாக உள்ள பெரிய இடம்
இழை – நூல் போன்ற மெல்லிய வரிசை
கீற்று – மெல்லிய துண்டு (பேச்சில்: கீத்து)
கணக்கு உதைக்கிறது – கணக்கு சரியாக வரவில்லை

பேச்சும் எழுத்தும்

அத்தையும் பிள்ளைகளும் பேச்சுத் தமிழில் பேசுகிறார்கள். கீழே உள்ளவற்றை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள். முதலாவது உங்களுக்காகச் செய்யப்பட்டுள்ளது.

1. சமமா இருக்கும்னு நெனச்சேன். – சமமாக இருக்கும் என்று நினைத்தேன்.
2. வெளியேயிருந்து இழுத்தாங்க.
3. கொத்துக்குள்ள திரள்கள் சும்மா நிக்கல.
4. ஒரே ஒரு அரிசியால என்ன ஆயிடப் போகுது?

விடை எழுதுங்கள்

1. ஒரு திரளின் திசையைப் புகைப்படம் காட்டும். எதைக் காட்டாது?
2. விசிறியின் விளிம்பில் புள்ளிகள் குறைவாக இருப்பது ஏன்?
3. கோமா கொத்து உருண்டையாக இருந்தும் வரைபடத்தில் நீளமாகத் தெரிவது ஏன்?
4. சோப்பு நுரைக்கும் பேரண்ட வலைக்கும் உள்ள ஓர் ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் எழுதுங்கள்.
5. கரும்பொருள் இல்லாவிட்டால் இன்று பேரண்டம் எப்படி இருந்திருக்கும்? அரிசிக் கணக்கை வைத்து விளக்குங்கள்.

கணக்குப் போடுங்கள்

மூன்று திரள்கள் நொடிக்கு 4,400, 6,600, 11,000 கிலோமீட்டர் வேகத்தில் விலகுகின்றன. கயல் செய்ததுபோல ஒவ்வொன்றின் தூரத்தையும் கண்டுபிடியுங்கள். எது நமக்கு மிக அருகில் உள்ளது?

செய்து பாருங்கள்

வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து சப்பாத்தி மாவில் கோணலான ஒரு கட்டி எடுங்கள். எந்தப் பக்கம் மிகக் குறுகலானது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கமாக அழுத்தித் தகடு செய்யுங்கள். பிறகு அதைச் சுருட்டி இழை செய்யுங்கள். கடைசியில் முனைகளை அமுக்கி முடிச்சு செய்யுங்கள். ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தமிழில் விளக்குங்கள்.